பால் பையில் வந்த தாள்கள்

எங்கள் வீட்டு இரும்பு கேட்டில் ஒரு மஞ்சள் பை தொங்கும். காலையில் பால் பாக்கெட் போடுவதற்காக அம்மா கட்டிவைத்தது. இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் எனக்கு அம்மை போட்டிருந்தபோது, அந்தப் பையில் சாயங்காலமும் ஒன்று வந்து விழ ஆரம்பித்தது. பாலிதீன் கவரில் சுற்றிய இரண்டு மூன்று தாள்கள். அன்றைக்கு வகுப்பில் நடந்த பாடம். கொண்டுவருகிறவள் கூப்பிட மாட்டாள், மணி அடிக்க மாட்டாள். பையில் போட்டுவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவாள். இருட்டுகிற நேரத்தில் அம்மா வாசல் தெளிக்கப் போகும்போதுதான் எடுத்துவருவாள்.

அவள் எனக்கு நெருங்கிய தோழி இல்லை. ரோல் நம்பரில் எனக்கு அடுத்தவள், அதனால் லேபில் ஒரே பேட்ச். அவ்வளவுதான் பழக்கம். ஒன்றாகச் சினிமாவுக்குப் போனதில்லை, வீட்டுக்கு வந்து சாப்பிட்டதில்லை. நெருங்கியவர்கள் செய்வதை உரிமை என்று எடுத்துக்கொள்கிறோம். இவளிடம் எனக்கு அப்படி ஓர் உரிமையும் இல்லாததால், அவள் செய்ததை என்னவென்று எடுத்துக்கொள்வது என்ற கேள்வி எனக்கு அப்போதே வந்துவிட்டது. அதற்குச் சரியாகப் பதில் சொல்ல எனக்கு நெடுநாள் பிடித்தது.

அம்மை சின்ன வயதில் வந்தால் லேசாகப் போய்விடும் என்பார்கள். பத்தொன்பது வயதில் வந்தது எனக்கு லேசாக இல்லை. முதல் மூன்று நாள் காய்ச்சல் அடித்துப்போட்டது. தலைமுடிக்குள், இமையோரத்தில், வாய்க்குள்கூடக் கொப்புளம். டாக்டர் கொடுத்த மாத்திரை ஒரு நாளைக்கு ஐந்து வேளை. வாசல் நிலையில் அம்மா வேப்பிலை சொருகிவிட்டாள். வீட்டில் தாளிப்பு நின்றது. எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு தட்டும்வரை அடுத்தவர்களுக்கு ஒட்டும். தாள் கொண்டுவருகிறவளுக்கு அதுவரை அம்மை வந்ததே இல்லை. அதனால் கேட்டுக்கு இந்தப் பக்கம் அவள் வரவே முடியாது. மூன்று தண்ணி ஊற்றி முடித்து நான் திரும்பக் கல்லூரிக்குப் போனபோது வேலை நாள் கணக்கில் பன்னிரண்டு நாள் போயிருந்தது.

வகுப்பின் வாட்ஸாப் குழுவிலும் பாடம் வந்தது. அனுப்பியவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களும் அக்கறையோடுதான் அனுப்பினார்கள். கரும்பலகையைப் போனில் எடுத்த படங்கள். ஒரு நாளைக்கு இருபது வரும். எது முதல், எது அடுத்தது என்று தெரியாது. ஒன்றில் முன் பெஞ்சில் இருப்பவரின் தலை, இன்னொன்றில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து பாதிப் பலகை வெள்ளை. ஆனால் இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். பெரிய குறை வேறு. பலகையில் எழுதியது மட்டும்தான் படத்தில் இருக்கும். ஸ்ட்ரெங்க்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் மாதிரி ஒரு பாடத்தில் பலகையில் இருப்பது விடை. அந்த விடைக்கு எப்படிப் போனோம், எங்கே வழுக்கும் என்பதெல்லாம் சார் வாயால் சொல்வது, கையால் காட்டுவது. அது பலகைக்கு ஏறுவதே இல்லை.

அவள் தாள்களில் அது இருந்தது.

முதல் இரண்டு நாள் தாள்கள் சாதாரணமாகத்தான் இருந்தன. தன் நோட்டில் இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறாள் என்று தெரியும். மூன்றாம் நாளிலிருந்து எழுத்து மாறிவிட்டது. ‘ரியாக்‌ஷனைக் கண்டுபிடிக்கவும்’ என்று இருந்த இடத்தில் ‘நீ முதல்ல ரியாக்‌ஷன் கண்டுபிடி’ என்று வந்தது. ‘இது நீ போன செமஸ்டர்ல படிச்சதுதான், பயப்படாத’ என்று ஒரு வரி. ‘இங்க சார் நிறுத்தி, யாருக்குப் புரியலைன்னு கேட்டார். ஒருத்தரும் கை தூக்கலை. எனக்கும் புரியலை’ என்று இன்னொரு வரி. தனக்காக எழுதும் குறிப்புக்கு நான்கு சொல் போதும், மீதியை நினைவு பார்த்துக்கொள்ளும். வகுப்பிலேயே இல்லாதவளுக்கு எழுதும்போது அந்த மீதிதான் முக்கியம். இந்த வித்தியாசத்தை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு நாள் எழுதிப் பார்த்து அவளே கண்டுபிடித்திருக்கிறாள்.

ஒரு கணக்கை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். ஒரு பீம். மொத்த நீளம் 6 மீட்டர். இடது நுனி ஏ, அங்கிருந்து 4 மீட்டரில் பி. இந்த இரண்டு இடத்திலும் தாங்கல். பி-யைத் தாண்டி 2 மீட்டர் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் நுனி சி. ஏ-க்கும் பி-க்கும் இடையில் மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் வீதம் பாரம் பரவியிருக்கிறது. சி-யில் தனியாக 10 கிலோநியூட்டன். இந்தப் பீம் எங்கே அதிகமாக வளைய முயலும்? இதுதான் கேள்வி.

தாங்கல்கள் எவ்வளவு தாங்குகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். ஏ-யில் 15, பி-யில் 35. கூட்டினால் 50, மேலே இருக்கும் மொத்தப் பாரமும் 50, சரிதான். ஏ-யிலிருந்து வலது பக்கம் நகர்ந்தால் 1.5 மீட்டரில் ஷியர் ஃபோர்ஸ் பூஜ்யமாகிறது. ஷியர் பூஜ்யமாகும் இடத்தில் பெண்டிங் மொமண்ட் உச்சம் என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். அங்கே கணக்குப் போட்டால் 11.25 வருகிறது. அவளும் அதைக் கட்டம் கட்டி, ‘அதிகபட்சம் 11.25’ என்று எழுதி அன்றைய தாளை முடித்திருந்தாள்.

மறுநாள் பையில் வந்த முதல் தாளின் தலையில் சிவப்பு மையில் இப்படி இருந்தது: ‘நேத்து கடைசியில தப்பா எழுதிட்டேன். 11.25-ஐ அடிச்சிரு. பி-யில மைனஸ் 20. மைனஸ்னு இருந்ததால சின்னதுன்னு நினைச்சுட்டேன். பீமுக்கு மைனஸ்னா சின்னது இல்லை, திருப்பி வளையுதுன்னு அர்த்தம். அளவு பார்த்தா 20தான் பெருசு. காலையில சார்கிட்ட போய்க் கேட்டேன்.’

அதற்குக் கீழே இரண்டு முகம் வரைந்திருந்தாள். ஒன்று சிரிக்கிறது, ஒன்று உதட்டைச் சுளிக்கிறது. நடுவில் பாரம் ஏறித் தொய்ந்தால் பீம் சிரிக்கிற வாய் மாதிரி வளையும், அடிப்பக்கம் இழுபடும். அதுதான் சாகிங். பி-யின் மேலே அது தலைகீழாக, சுளித்த வாய் மாதிரி வளைகிறது, மேல்பக்கம் இழுபடுகிறது. அது ஹாகிங். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம் கம்பி இருக்க வேண்டும். ஆகவே இந்தக் குறியில் தவறினால் கம்பி தப்பான பக்கத்தில் போய் உட்காரும்.

பிறகு அந்த வரிகள் வந்தன. ‘சார் ஒரு ஸ்கேலை வளைச்சுக் காட்டினார். நீ பார்க்கலைல்ல. அதனால நீயே செய். முப்பது சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஸ்கேல் எடு. ரெண்டு தீப்பெட்டியைத் தள்ளித் தள்ளி வச்சு அதுமேல ஸ்கேலை வை. ஒரு பக்கம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும். நடுவுல ஒரு விரலால அமுக்கு, நீட்டின நுனியில இன்னொரு விரலால அமுக்கு. தலையைக் கீழே சாய்ச்சு, பக்கவாட்டுல பாரு.’

அம்மாவிடம் தீப்பெட்டி கேட்டேன். “படுத்துக் கிடக்கிற பிள்ளைக்குத் தீப்பெட்டி எதுக்கு?” என்று கேட்டுக்கொண்டே அடுப்படியிலிருந்து ஒன்றும் சாமி அறையிலிருந்து ஒன்றும் கொண்டுவந்தாள். பாயிலேயே ஒரு பலகையைப் போட்டு வைத்தேன். விரலெல்லாம் பொருக்கு, அமுக்கினால் வலி. அமுக்கிக்கொண்டு கன்னத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். நடுவில் ஸ்கேல் சிரித்தது. இரண்டாவது தீப்பெட்டிக்கு மேலே சுளித்தது. சிரிப்பு முடிந்து சுளிப்பு தொடங்கும் இடம் ஒன்று இருக்கத்தானே வேண்டும்? அவள் கணக்கில் அந்த இடம் ஏ-யிலிருந்து சரியாக 3 மீட்டர், அங்கே மொமண்ட் பூஜ்யம். ஸ்கேலிலும் இரண்டாவது பெட்டிக்குச் சற்று முன்னால், எந்தப் பக்கமும் வளையாமல் நேராக ஒரு துண்டு தெரிந்தது. கான்ட்ராஃபிளெக்சர் என்ற சொல்லை அதற்கு முன்பும் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

அவள் எல்லாப் பாடத்துக்கும் எழுதவில்லை. ஸ்ட்ரெங்க்த், கணக்கு இரண்டுக்கும்தான். மற்றதற்கு, ‘புக்கைப் படிச்சா போதும், இந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் வரைக்கும்’ என்று ஒரு வரி. சர்வே லேபுக்கு, ‘இதை எழுதிப் பிரயோஜனம் இல்லை. வந்து தியோடலைட்டைக் கையால தொட்டுப் பழகணும். நான் கூட நிக்கிறேன்’ என்று எழுதினாள். எதை எழுதினால் போய்ச் சேரும், எதை எழுதினாலும் போய்ச் சேராது என்று பிரித்துப் பார்த்திருக்கிறாள். என்னைக் கேட்டால், எல்லாவற்றையும் எழுதிக் குவிப்பதைவிட இது பெரிய உதவி. காய்ச்சலில் கிடப்பவளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தாள் படிக்க முடியும்?

கல்லூரிக்குத் திரும்பிய முதல் நாள் கேன்டீனில் அவளைப் பிடித்தேன்.

“ஏட்டி, ரொம்ப தேங்க்ஸ்.”

“எதுக்கு?”

“நோட்ஸுக்குத்தான்.”

“ஆமா, பெரிய நோட்ஸு. கிறுக்கா உனக்கு? பேசாமச் சாப்பிடு.”

அத்தோடு முடிந்தது. நான் சொன்னது அவளுக்குப் போய்ச் சேரவில்லை என்று அப்போதே தெரிந்தது. அவள் தன்னடக்கத்தில் தள்ளிவிட்டாள் என்று மட்டும் சொல்ல மாட்டேன். தள்ளிவிடும்படியாகத்தான் நான் சொல்லியிருந்தேன். தேங்க்ஸ் என்ற சொல்லைப் பஸ்ஸில் இடம் விட்டவருக்கும் சொல்கிறோம், சில்லறை கொடுத்த கடைக்காரருக்கும் சொல்கிறோம். நன்றி என்றால் மேடை, மாலை, மைக் என்று ஆகிவிட்டது. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பெண்களுக்கு நடுவே இரண்டு சொல்லும் நிற்கவில்லை. ஒன்று சின்னதாக இருக்கிறது, இன்னொன்று ஆளைத் தள்ளி நிறுத்துகிறது.

அம்மாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. “அந்தப் பிள்ளைக்கு ஏதாவது செய்யணும்” என்று சொல்லி ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்து செய்து கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து அந்த டப்பா திரும்பி வந்தது. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அவள் வீட்டிலிருந்து சீடை வந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரு பழக்கம் உண்டானது, அது நல்லதுதான். ஆனால் அது அம்மா செலுத்திய நன்றி. நான் செலுத்த வேண்டியது அப்படியே இருந்தது. ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன், அவள் பெஞ்சில் இருந்த நால்வருக்கும் பிய்த்துக் கொடுத்துவிட்டாள். சாக்லேட்டுக்கும் ஸ்கேலுக்கும் என்ன சம்பந்தம்? அதில் அவள் செய்த காரியத்தின் சாயலே இல்லை.

திருக்குறளில் பதினொன்றாம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி அறிதல் என்று பெயர். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அந்தத் தலைப்பை நான் கவனித்ததே இல்லை. அங்கே நன்றி என்பது ஒருவர் நமக்குச் செய்த நன்மை. அதை நாம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அறிதல் என்ற சொல். செய்தது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். நான் கேன்டீனில் சொன்னபோது எனக்குப் பாதிதான் தெரிந்திருந்தது. தாள்கள் வந்தன, படித்தேன், தேறினேன் என்பது என் பக்கத்துக் கதை. அவள் பக்கத்தில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

அதனால் தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன், இந்தத் தடவை பாடத்துக்காக இல்லை. சில தாள்களில் எழுத்து உறுதியாக இருந்தது. சிலவற்றில் கீழ்ப்பாதி மட்டும் கோணலாக இழுத்துக்கொண்டு போனது. பின்பக்கத்தில் சொரசொரப்பான ஏதோ ஒன்றின் தடம் பதிந்திருந்தது. கேட்டதற்கு, பஸ் ஸ்டாப்பில் இருக்கும் சிமெண்ட் பெஞ்சில் வைத்து எழுதியது என்றாள். கடைசி பீரியட் முடிந்து அவள் பஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் எழுதுவாளாம். எழுதி முடியாவிட்டால் பஸ்ஸில், மடியில் வைத்து. எங்கள் வீடு அவள் இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்னால். இறங்கி, நடந்து வந்து, பையில் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போயிருக்கிறாள். தன் நோட்டையே கொடுத்திருந்தால் வேலை மிச்சம். ஆனால் அம்மை வீட்டுக்குப் போன நோட்டைத் திருப்பி வாங்கித் தன் வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது, வீட்டில் சின்னத் தம்பி இருக்கிறான். திரும்பி வர வேண்டாத தாளில் எழுதினாள்.

சிவப்பு மைத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தவறு எனக்குத் தெரிந்திருக்கவே தெரியாது. 11.25 என்றே நான் படித்துக்கொண்டு போயிருப்பேன், பரீட்சையில் தப்பாகியிருந்தால் சார் ஏதோ கேட்டார் என்று நினைத்திருப்பேன். தன் நோட்டில் மட்டும் திருத்திக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். காலையில் எழுந்து சாரிடம் போய்க் கேட்டு, ‘தப்பா எழுதிட்டேன்’ என்று எனக்கு எழுதி, ஏன் தப்பானது என்றும் சேர்த்து எழுதினாள். இப்படி ஒரு வரியை எனக்கு எழுதித் தர அவளுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. எனக்குக் கிடைத்த தாள்களில் இதைத்தான் நான் முதலாவதாக வைப்பேன்.

இன்டர்னல் பரீட்சை முடிந்த ஒரு மதியம் லைப்ரரி வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். அந்தத் தாளைப் பையிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

“இந்தப் பக்கம்” என்றேன். “பாயில படுத்துக்கிட்டு ரெண்டு தீப்பெட்டி வச்சு இதைச் செஞ்சேன். பி-க்கு மேல திரும்பி வளையுறதை என் கண்ணால பார்த்தேன். அப்புறம் இந்தச் சிவப்பு. நீ இதை எழுதாம இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்து எழுதினதை நான் நெனச்சே பார்க்கலை.”

இந்தத் தடவை அவள் கிறுக்கா என்று கேட்கவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நெசமாவே தீப்பெட்டி வச்சியா?” என்றாள். பிறகு, “உனக்கு எழுத உட்கார்ந்தப்பதான் எனக்கே அது புரியலைன்னு தெரிஞ்சுது. என் நோட்டுல நான் தப்புன்னு பார்த்திருக்கவே மாட்டேன்” என்றாள். தேங்க்ஸ் என்ற சொல் அன்றைக்கு எங்கள் இருவர் பேச்சிலும் வரவில்லை. அவளுக்குப் போய்ச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

இப்போது எனக்குக் கட்டட சைட்டில் வேலை. அவள் ஒரு டிசைன் அலுவலகத்தில் இருக்கிறாள். போன மாதம் ஒரு வீட்டின் மாடியில் நான்கு அடி வெளியே நீட்டிய பால்கனிக்குக் கான்கிரீட் போட இருந்தோம். கம்பி கட்டியவர் சரியாகத்தான் கட்டியிருந்தார், முதன்மைக் கம்பிகள் மேல்பக்கம். பால்கனியில் இழுப்பு மேலே, அவள் சுளித்த முகம் வரைந்த அதே கணக்கு. ஆனால் காலையில் ஆட்கள் அதன் மேலேயே நடந்து போய்வந்திருக்கிறார்கள். கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சேர்களைத் தள்ளித் தள்ளி வைத்திருந்ததால், மிதித்த இடத்தில் கம்பி அமுங்கித் தட்டோடு ஒட்டிக் கிடந்தது. மேலிருந்து பார்த்தால் கம்பி இருக்கிறது, எண்ணிப் பார்த்தாலும் எண்ணிக்கை சரி. குனிந்து, தலையைச் சாய்த்து, பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும். அப்படியே கான்கிரீட் போட்டுவிட்டால் பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது, முட்டுப் பலகையைப் பிரிக்கும்போதோ அதற்குப் பிறகோ சுவரை ஒட்டி மேலே விரிசல் விட்டால்தான் உண்டு. கலவை லாரியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கம்பியைத் தூக்கி, இன்னும் நெருக்கமாகச் சேர் வைத்துக் கட்டச் சொன்னேன். நடப்பதற்குக் குறுக்கே பலகை போட்டோம். ஒன்றரை மணி நேரம் ஆனது.

தூக்கிக் கட்டிய கம்பியைப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். கீழே, ‘உன் சிவப்பு மைப் பக்கம்’ என்று மட்டும் எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: ‘ஏட்டி, அந்தத் தாளை இன்னுமா வச்சிருக்க?’

வைத்திருக்கிறேன். மொத்தம் முப்பத்தொரு தாள், ஒரு பச்சை ஃபைலில். சிவப்பு மைத் தாளின் ஓரத்தில் மஞ்சள் கறை இருக்கிறது. பொருக்கில் பூசியிருந்த மஞ்சளோடு அன்றைக்குப் பிடித்துப் படித்ததில் ஒட்டியது.